தோன்றா எழுவாய்

"காத்து ஓட்டை வழியா உள்ள போயி, சூட்டைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துரும் சார்."

மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புப் பையன் சொன்ன பதில் இது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்ற எங்கள் நான்கு நிமிட வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னான். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், வீடியோவில் ஆறு முறை வரும் வரியை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்ததும் அவன்தான். மாதக்கணக்கு ஆகியும் அந்தப் பதில் என்னை விடவில்லை.

ஸ்கிரிப்ட் என்னிடம் வந்தபோது அதன் முக்கியமான வாக்கியம் இப்படி இருந்தது: "மட்கலத்தின் நுண்துளைகள் வழியே கசியும் நீர், கலத்திலிருந்து உள்ளுறை வெப்பத்தை ஏற்று ஆவியாவதால் உள்ளிருக்கும் திரவம் குளிர்ச்சியடைகிறது." ஒரு தவறும் இல்லை. ஆனால் குரல் பதிவில் கேட்டால் 'உள்ளுறை' என்ற இடத்திலேயே பிள்ளை நின்றுவிடும், படம் மட்டும் முன்னால் ஓடும். அதோடு ஒரே பொருள் நீர், தண்ணீர், திரவம் என்று மூன்று பெயரில் வந்தது. பெரியவர்களுக்கு அது நடை. பத்து வயதுப் பிள்ளைக்கு அவை மூன்று பொருள்கள். ஆகவே முதல் வேலையாக எல்லாவற்றையும் 'தண்ணீர்' ஆக்கினேன். வெப்பம், வெப்ப ஆற்றல் இரண்டும் 'சூடு' ஆயின.

'ஆவி'யையும் எடுத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு ஆவி என்றால் இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் முகத்தில் அடிப்பது. குளிர்ந்து கிடக்கும் பானையிலிருந்து ஆவி போகிறது என்றால் எப்படி நம்பும்? அதனால் 'காய்கிறது' என்று வைத்தேன். கொடியில் போட்ட துணி காய்வதைத் தினமும் பார்க்கிறார்களே. 'ஆவியாதல்' என்ற பாடப்புத்தகச் சொல்லைக் கடைசியில் ஒரே ஒரு முறை, "இதற்குப் பெயர் ஆவியாதல்" என்று சேர்த்தேன்.

அப்புறம், திரும்பத் திரும்ப வர ஒரு வரி வேண்டும். வாயில் நிற்க வேண்டும், தாளம் வேண்டும். பல தடவை எழுதி அடித்த பிறகு வந்தது: "காற்றில் காயும், சூட்டைக் கூட்டிக்கொண்டு போகும்." எனக்கு அன்று அது மிகவும் பிடித்திருந்தது. முதலில் வியர்வை, அடுத்து ஈரத் துணி, அப்புறம் பானை என்று மூன்று இடங்களிலும் இரண்டிரண்டு முறை வைத்தேன்.

மொழி பார்ப்பவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஸ்கிரிப்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கூறியது கூறல் நன்னூல் சொல்ற பத்துக் குற்றத்துல ஒண்ணு தம்பி. ஒரே வரி ஆறு தடவையா?"

"காதால கேக்குற பிள்ளைக்குத் திரும்பிப் பாக்கப் பக்கம் இல்லையே ஐயா. அதுக்குத்தான் நாமளே திரும்பச் சொல்றோம்."

"சரி. கூட்டிக்கொண்டு போகும்னா, எது? எழுவாய் எங்க?"

"தோன்றா எழுவாய் ஐயா. முன் வரியிலேயே தண்ணீர் இருக்கு."

அவர் சிரித்தார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பேச்சு மறுபடியும் கூறியது கூறலுக்கே போய்விட்டது, அதில் நான் ஜெயித்தேன். இப்போது ஓட்டிப் பார்க்கும்போது, அவர் கேட்டவை இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்று தெரிகிறது. நான் சண்டை போட ஆசைப்பட்ட கேள்விக்கு மட்டும் முழுதாகப் பதில் சொன்னேன். மற்றதற்கு இலக்கணத்தில் ஒரு பெயரைச் சொல்லித் தப்பித்தேன்.

தமிழில் எழுவாயை விட்டுப் பேசுவது இயல்பு. "வந்தாச்சா?" என்றால் யார் என்று யாரும் கேட்பதில்லை, ஆள் எதிரில் நிற்கிறார். ஆனால் ஆறு முறை திரும்பும் வரி தன் முன் வரியிலிருந்து பிய்ந்து தனியே நிற்கத் தொடங்கிவிடுகிறது. தனியே நிற்கும்போது அதில் இருக்கும் பெயர்கள் காற்று, சூடு, இரண்டே. எது எதைக் கூட்டிக்கொண்டு போகும் என்று பிள்ளை தேடினால் காற்றுதான் கிடைக்கும். போதாக்குறைக்கு, அந்த வரி வரும்போதெல்லாம் படத்தில் காற்றைக் காட்ட நீல அம்புகள் பானையைச் சுற்றி ஓடின. பானைமேல் ஈரம் மெல்ல மறைவதை ஒரே இடத்தில்தான் வரைந்திருந்தோம். வாய் ஒன்றைத் திருப்பிச் சொல்ல, கண் வேறொன்றைத் திருப்பிப் பார்த்தது.

ஒப்பிக்கச் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. வீடியோவில் இல்லாத ஒன்றைக் கேட்கலாமே என்று, "பிளாஸ்டிக் குடத்துல ஏன் அப்படிக் குளிர மாட்டேங்குது?" என்றேன். "அதுல ஓட்டை இல்ல, காத்து உள்ள போகாது" என்றான். ஓட்டை இல்லை என்பது சரி. ஆனால் அந்த ஓட்டையால் காற்று உள்ளே போவதில்லை, தண்ணீர்தான் வெளியே வருகிறது. அது பானையின் வெளிப்புறத்தில் காயும்போது பானையிடமிருந்து சூட்டை எடுக்கிறது. பானை உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்து எடுக்கிறது. நான் வெட்டிய பகுதியில் இதற்கு ஒரு கணக்குகூட இருந்தது: ஒரு கிராம் தண்ணீர் காய்ந்துபோகச் சுமார் 2,400 ஜூல் வேண்டும். வெளியிலிருந்து சூடு உள்ளே வராவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரை அரை டிகிரிக்குச் சற்று மேல் குளிர்விக்க அது போதும். எண்ணை வெட்டியதில் வருத்தமில்லை. காய்வது தண்ணீர், அந்தத் தண்ணீர்தான் குறைகிறது என்பதும் அதோடு சேர்ந்து போனதே என்றுதான் வருத்தம்.

வரியை மாற்றினேன். "தண்ணீர் காயும். காயும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும்." தாளம் போய்விட்டது. குரல் கொடுத்தவரும் இது வாயில் உட்காரவில்லை என்றார். ஆறை நான்காகக் குறைத்தேன். நீல அம்புகளை எடுத்துவிட்டு, நான்கு முறையும் ஈரம் சுருங்குவதையே வரையச் சொன்னேன். பெயின்ட் அடித்த பானை ஒன்றையும் சேர்த்தோம்: துளைகள் அடைபட்டதால் மேலே ஈரம் வரவில்லை, தண்ணீரும் குளிரவில்லை.

இரண்டாவது வடிவத்தைத் திருமங்கலம் பக்கம் வேறொரு பள்ளியில் போட்டோம். வரியை முழுதாகச் சொல்ல ஒருவருக்கும் வரவில்லை. ஆனால் ஒரு பெண், "எவர்சில்வர் குடத்துல ஈரத்துணி சுத்தி வச்சா அதுவும் குளிரும்ல சார்?" என்று கேட்டாள். நாங்கள் எங்கேயும் சொல்லாத விஷயம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்று ஐயாவைக் கூப்பிட்டு, நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் வகுப்பு டீச்சர் அதே பெண்ணிடம் பாடப்புத்தகத்தைக் காட்டி, "ஆவியாதல்னா என்ன?" என்று கேட்டார். "அது கொதிக்கிறப்ப வர்றது டீச்சர்" என்றாள். அவளுக்கு வீடியோ ஒரு விஷயம், புத்தகம் வேறு விஷயம். அந்தச் சொல்லை நான் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தேன்.

இப்போது மூன்றாவது வடிவம் மேசையில் இருக்கிறது. 'காய்கிறது' வரும் ஒவ்வோர் இடத்திலும் பக்கத்தில் 'ஆவியாகிறது' என்று பென்சிலால் எழுதி, இரண்டு இடத்தில் அடித்து, ஒன்றை மறுபடி எழுதியிருக்கிறேன். ஐயாவிடம் இன்னும் காட்டவில்லை.