மக்காச்சோளத் தோகை கிழிச்ச கண்ணு: லேப் நாட்குறிப்பு

ஜனவரி 20, 2025, திங்கள்

பொங்கல் லீவு முடிஞ்சு ஓபி நிரம்பி வழியுது. பதினோரு மணி வாக்குல டாக்டர் போன் பண்ணி புண்ணை சுரண்டி எடுக்கிற ஸ்கிரேப்பிங் இருக்கு, பிளேட்டெல்லாம் எடுத்துட்டு ஸ்லிட் லேம்ப் ரூமுக்கு வாம்மான்னு சொன்னாங்க. போனா வாழப்பாடி பக்கத்துல இருந்து ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், கூட மகன். வலது கண்ணு சிவந்து வீங்கி தண்ணியா கொட்டுது, கருவிழி நடுவுல சாம்பல் கலந்த வெள்ளையா ஒரு புண்ணு.

ஜனவரி 9 அன்னைக்கு மக்காச்சோளக் கதிர் ஒடிக்க கூலிக்குப் போயிருக்காங்க, காஞ்ச தோகை திரும்பி அடிச்சதுல கண்ணுல கீறிடுச்சு. வாய்க்கால் தண்ணியில கழுவிட்டு மறுபடியும் வேலை பாத்திருக்காங்க. மறுநாள் உறுத்தல் தாங்கலைன்னு மருந்துக்கடையில கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊத்தியிருக்காங்க. "ரெண்டு நாள்லயே செவப்பு கொறஞ்சிருச்சுங்க, சரியாப் போச்சுன்னு நெனச்சேன், பொங்கலன்னைக்குப் பாத்தா கண்ணுல பூ விழுந்த மாதிரி வெள்ளையா இருக்கு"ன்னு சொன்னாங்க. நடுவுல பக்கத்து வீட்டு பாட்டி நந்தியாவட்டைப் பூவை வேற பிழிஞ்சு விட்டிருக்காங்க.

மகன் பையில இருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினாரு. ஆன்டிபயாட்டிக்கோட டெக்ஸாமெத்தசோன் சேந்த மருந்து, அதாவது ஸ்டீராய்டு. சிவப்பு குறைஞ்சதுக்குக் காரணம் அதுதான், கண்ணு சண்டை போடுறதை அது அடக்கிடும், ஆனா உள்ள போன பூசணத்துக்கு யாரும் தடை சொல்லாம வளர எடம் கிடைச்சிடும். வெளியில பாக்க நல்லா ஆகுற மாதிரி தெரியுற அந்த மூணு நாலு நாள்தான் இந்த நோயில கெட்ட நாள், இதை நான் எத்தனை தடவை பாத்தாலும் வயிறு எரியுது.

ஸ்லிட் லேம்ப்ல டாக்டர் என்னையும் பாக்கச் சொன்னாங்க. புண்ணு சுமார் 4 மில்லிமீட்டர், ஓரம் வழுவழுன்னு இல்லாம இறகு பிரிஞ்ச மாதிரி சிலும்பி இருக்கு, மேல்பரப்பு காஞ்சு மேடா, பக்கத்துல தனியா ரெண்டு சின்ன வெள்ளைப் புள்ளி, கருவிழிக்குப் பின்னாடி அடியில 1 மில்லிமீட்டருக்கு சீழ் தேங்கியிருக்கு. பாத்ததும் ஃபங்கஸ்னு சொல்லத் தோணும். ஆனா பாக்டீரியா புண்ணும் சில சமயம் இதே மாதிரி இருக்கும், ஸ்டீராய்டு ஊத்தின கண்ணுல அடையாளமெல்லாம் இன்னும் குழம்பிக் கிடக்கும். தப்பா யூகிச்சு வெறும் ஆன்டிபயாட்டிக் போட்டா ஃபங்கஸுக்கு இன்னொரு வாரம் இலவசம். அதனாலதான் டாக்டர் எந்த மருந்தும் எழுதுறதுக்கு முன்னாடி சுரண்டி எடுத்துடுவாங்க.

மரத்துப்போற சொட்டு ரெண்டு விட்டு, 15ஆம் நம்பர் பிளேடால புண்ணோட ஓரத்துலயும் அடியிலயும் மெதுவா சுரண்டினாங்க. மேல இருக்கிற சளியையும் செத்த திசுவையும் மட்டும் எடுத்தா ஒண்ணும் கிடைக்காது, பூஞ்சை பரவிக்கிட்டு இருக்கிற ஓரத்துலதான் உயிரோட இருக்கும். ரெண்டு ஸ்லைடுல தடவி, கிருமி வளக்கிற பிளேட்டுகளான ரத்த அகார்லயும் உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார்லயும் ஆங்கில சி எழுத்து மாதிரி வளைச்சு வளைச்சு கோடு இழுத்தாங்க. கிடைக்கிறது ஊசி முனை அளவுதான், அதை இத்தனைக்கும் பங்கு போடணும்.

ஒரு ஸ்லைடுல பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, நாங்க கேஓஹெச்னு சொல்றது, ஒரு சொட்டு விட்டு கவர் ஸ்லிப் போட்டு வச்சேன். அந்தக் காரம் செல்லையெல்லாம் கரைச்சுக் கண்ணாடி மாதிரி ஆக்கிடும், பூஞ்சையோட சுவர் மட்டும் கரையாம நிக்கும். அஞ்சு நிமிஷம் விட்டு, மைக்ராஸ்கோப் கண்டென்சரை இறக்கி வெளிச்சத்தைக் குறைச்சுப் பாத்தேன். நாப்பது மடங்கு லென்ஸ்ல வச்சதும் தெளிவா தெரிஞ்சது, ஒரே தடிமன்ல நீளமா ஓடுற இழை, நடுநடுவுல குறுக்குச் சுவர், கிளை பிரியுது. பஞ்சு நூலுக்கு குறுக்குச் சுவர் இருக்காது, அதான் நான் முதல்ல தேடுறது. சுரண்டினதுல இருந்து பதில் சொல்ற வரைக்கும் இருபது நிமிஷம் கூட ஆகல.

ஸ்டீராய்டு உடனே நிறுத்தம். பூஞ்சைக்கான சொட்டு மருந்து நாட்டமைசின் அஞ்சு சதவீதம் மணிக்கு ஒரு தடவை, வலி குறைய அட்ரோபின். அட்மிட் ஆகச் சொன்னாங்க, அந்தம்மா மாட்டை யாரு பாக்கிறதுன்னு கேட்டு ஒரே பிடிவாதம், மகன்தான் நான் பாத்து ஊத்துறேங்கன்னு ஒத்துக்கிட்டுக் கூட்டிட்டுப் போனாரு.

ஜனவரி 23, வியாழன்

முதல் நாள் பிளேட்டுல ஒண்ணுமில்ல. நேத்து சாயங்காலம் கோட்டு மேல லேசா பஞ்சு படர்ந்த மாதிரி, இன்னைக்கு ரெண்டு பிளேட்லயும் சி கோட்டுலயே வெள்ளை வெள்ளையா எழும்பி நிக்குது. பிளேட் ஓரத்துல கோட்டை விட்டுத் தள்ளி பச்சையா ஒரு பொட்டு. புதுசா வந்த பொண்ணு இதுவும் கண்ணுல இருந்ததாக்கான்னு கேட்டுச்சு. இல்ல, அது காத்துல வந்து விழுந்தது, கோட்டு மேல முளைச்சாத்தான் கண்ணுல இருந்து வந்ததுன்னு அர்த்தம், கோடு இழுக்கிறதே அதுக்குத்தான்.

ஜனவரி 27, திங்கள்

அந்தம்மா வந்திருந்தாங்க. ஏழு நாளாச்சு, புண்ணு குறையல, கொஞ்சம் ஆழமாத் தெரியுதுன்னு டாக்டர் முகமே மாறிப்போச்சு. மருந்து நேரம் தவறினதான்னு மகனைக் கேட்டா ராத்திரி கூட அலாரம் வச்சு ஊத்தினேங்கன்னு சொல்றாரு, பொய் சொல்ற ஆள் இல்ல. பாட்டிலை வாங்கிப் பாத்தேன். மேல தெளிஞ்ச தண்ணி, அடியில கெட்டியா வெள்ளைப் படிவு. நாட்டமைசின் கரையாத மருந்து, மோர் மாதிரி கலங்கி இருக்கணும், ஒவ்வொரு தடவையும் நல்லாக் குலுக்கணும். ஏழு நாளும் இந்தம்மா கண்ணுல பாதிக்கு மேல வெறும் தண்ணி போயிருக்கு. சீட்டுல குலுக்கவும்னு எழுதியிருந்துச்சு, ஆனா யாரும் வாயால சொல்லல, நானும் சொல்லல. அவர் கையிலயே கொடுத்துக் குலுக்க வச்சுக் காட்டினேன்.

இன்னொரு விஷயம், இந்த மருந்து கருவிழிக்குள்ள ஆழமா இறங்காது. மேலோட்டமா இருக்கும்போது நல்லாப் பிடிக்கும், ஆழத்துக்குப் போயிட்டா கஷ்டம், சீக்கிரம் வாங்கன்னு நாங்க கத்துறதுக்கு இதான் காரணம். டாக்டர் மறுபடியும் மேல் படலத்தை சுரண்டி எடுத்துட்டாங்க, மருந்து இறங்க வழி கிடைக்கும்னு.

இதுக்கு நடுவுல யாரோ விலை கூடின வேற மருந்து, வோரிகோனசோல், அதைப் போட்டா சீக்கிரம் ஆறிடும்னு மகன்கிட்ட சொல்லியிருக்காங்க, கடன் வாங்கியாவது வாங்குறேன்னு நிக்கிறாரு. பிளேட்டுல வளத்த கல்ச்சர் இங்கதான் கை கொடுத்துச்சு. சனிக்கிழமையே நீலச் சாயம் போட்டுப் பாத்துட்டேன், ரெண்டு முனையும் கூரா அரிவாள் வளைஞ்ச மாதிரி வித்துகள், உள்ள மூணு நாலு தடுப்பு. ஃபியூசேரியம்ங்கிற பூஞ்சை. நம்ம பக்கத்து அரவிந்த் கண் மருத்துவமனைகள்ல 323 பேரை வச்சு இந்த ரெண்டு மருந்தையும் ஒப்பிட்டு 2013ல வெளியிட்டாங்க, நாட்டமைசின்தான் மேலா வந்துச்சு, அதுவும் ஃபியூசேரியத்துல வித்தியாசம் ரொம்பத் தெளிவு. டாக்டர் இதை அவருக்குப் பொறுமையா சொல்லி, இதையே குலுக்கி ஊத்துங்க, கடன் வேண்டாம்னுட்டாங்க.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்னைக்கு நான் செஞ்ச தப்பை எழுதி வைக்கணும்.

ஏற்காட்டுல எஸ்டேட்ல மிளகு பறிக்கிற தம்பி, சில்வர் ஓக் மரத்துல ஏணி போட்டு ஏறும்போது சுள்ளி குத்திடுச்சு. குத்தின மூணாவது நாளே பஸ் ஏறி சேலம் வந்துட்டாரு, புண்ணு 2 மில்லிமீட்டர் கூட இல்ல. சின்னப் புண்ணுல கிடைக்கிற சுரண்டலும் கொஞ்சம்தான். எனக்கு வரிசையா ஏழு ஸ்லைடு காத்துக்கிட்டு இருந்துச்சு, கேஓஹெச் போட்டு ரெண்டே நிமிஷத்துல பாத்துட்டு இழை எதுவும் இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டேன். டாக்டர் சீட்டைப் பாத்துட்டு, மரம் குத்தின கண்ணும்மா, இன்னொரு தடவை பாரேன்னாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு அதே ஸ்லைடை எடுத்து ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் நகத்தினேன். செல்லெல்லாம் இப்பத்தான் நல்லாக் கரைஞ்சிருக்கு. வலது மூலையில ஒரே ஒரு கொத்து, லேசா பழுப்பு நிறத்துல, குறுக்குச் சுவரோட.

ஓடிப்போய் சொன்னேன். தம்பி இன்னும் மருந்து வாங்குற எடத்துலதான் நின்னாரு, சீட்டை மாத்தி எழுதிட்டாங்க. அவர் பஸ் ஏறியிருந்தா கல்ச்சர் வர்ற வரைக்கும் மூணு நாலு நாள் ஆன்டிபயாட்டிக் மட்டும்தான் போயிருக்கும். இனிமே எத்தனை ஸ்லைடு காத்திருந்தாலும் பத்து நிமிஷத்துக்கு முன்னாடி இல்லைன்னு எழுத மாட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஏற்காட்டுத் தம்பி பிளேட்டுல கரும்பழுப்பா வளந்திருக்கு, வித்து நடுவுல வீங்கி ஒரு பக்கம் வளைஞ்சு, கர்வுலேரியாங்கிற பூஞ்சை. புண்ணு பாதி சுருங்கிடுச்சு. நடுவை விட்டுத் தள்ளி இருந்ததால பார்வை அப்படியே இருக்கு.

வாழப்பாடி அம்மாவுக்கு சீழ் போயிடுச்சு. சிலும்பி நின்ன ஓரம் மழுங்கி வட்டமாகுது, இதான் ஆறுறதுக்கு முதல் அடையாளம், புண்ணோட அளவை விட நான் இதைத்தான் பாப்பேன். நாட்டமைசின் வெள்ளையா புண்ணுல ஒட்டியிருக்கிறதைப் பாத்து மகன் பயந்துட்டாரு, அது மருந்துதான்னு சொன்னதும் பெருமூச்சு விட்டாரு.

மார்ச் 10, திங்கள்

ஃபுளோரசின் சாயம் விட்டுப் பாத்தாங்க, எங்கயும் பச்சை பிடிக்கல, மேல்தோல் முழுசா மூடிடுச்சு. மருந்தை டக்குன்னு நிறுத்தாம நாளைக்கு நாலு தடவைன்னு இன்னும் கொஞ்ச வாரம் போகச் சொன்னாங்க, உள்ள ஒளிஞ்சிருந்தா திரும்ப வரும்.

ஆனா நடுவுல வெள்ளைத் தழும்பு நின்னுடுச்சு. வலது கண்ணை மட்டும் வச்சு 2 மீட்டர்ல கை விரலை எண்ணுறாங்க, அவ்வளவுதான். "இந்தப் பூவை எடுக்க முடியாதுங்களா டாக்டரம்மா"ன்னு கேட்டாங்க. கண்ணு பல மாசம் அமைதியா இருக்கணும், அதுக்கப்புறம்தான் கருவிழி மாத்துற ஆபரேஷனைப் பத்திப் பேசணும், அதுக்கும் தானமா கருவிழி கிடைக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. அந்தம்மா தலையை ஆட்டிட்டு, சரிங்க, அடுத்த சோளம் வெட்டுறதுக்குள்ள முடிஞ்சிருமான்னு கேட்டாங்க. யாருக்கும் பதில் வரல.

சாயங்காலம் அவங்க பிளேட்டுகளை ஆட்டோகிளேவ்ல போட்டேன். நோட்டுல அவங்க நம்பருக்கு நேரா, காயம் பட்ட தேதிக்கும் சுரண்டின தேதிக்கும் நடுவுல உள்ள நாளை எழுதுற கட்டத்துல 11னு இருக்கு, அதுக்கு ரெண்டு வரி கீழ ஏற்காட்டுத் தம்பிக்கு 2.