ஐந்து துளை ஃப்ளாஞ்ச்: எதிரே துளை இல்லாதபோது

பழைய கிரைண்டிங் மோட்டாரின் கப்ளிங் ஃப்ளாஞ்ச் விரிசல் விட்டிருந்தது. வெளிவிட்டம் 120 மி.மீ., கனம் 18, நடுவில் 70 மி.மீ. மேடு, 28 துவாரம், சுற்றி ஐந்து எம்8 ஆலன் போல்ட். அதை ஃப்ரீகேட் என்ற 3டி வரைபட மென்பொருளில் வரைய உட்கார்ந்தேன்.

முதல் தடங்கல் பிசிடி, அதாவது துளை மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம். ஆறு துளை இருந்தால் எதிரெதிர் துளைகளை அளந்தாலே போதும். ஐந்தில் எதிரே துளையே இல்லை. அதனால் பக்கத்துத் துளைகள் இரண்டின் உள் ஓரங்களுக்கு இடையே வெர்னியரை வைத்தேன்: 43.9. துளையின் விட்டம் 9 சேர்த்தால், மையத்துக்கு மையம் 52.9. பிறகு கணக்கு சுலபம்:

```
PCD = 52.9 / sin(180/5) = 52.9 / 0.5878 = 90
```

90 என்று முழு எண் வந்ததும் அளவு சரிதான் என்று நம்பிக்கை வந்தது.

ஸ்கெட்சில் 90 வட்டத்தைக் கன்ஸ்ட்ரக்‌ஷன் கோடாக மாற்றி, அதன்மேல் ஒரே ஒரு சின்ன வட்டம் போட்டேன். மாற்ற மறந்தால் `Hole` அந்தப் பெரிய வட்டத்தின் மையத்திலும் ஒரு துளை போடும். இங்கே நடுவில் 28 துவாரம் இருப்பதால் அந்தத் தவறு கண்ணில் படவே படாது. `Hole`-இல் துளை 9, போல்ட் தலை உட்காரும் பள்ளமான கவுண்டர்போரின் விட்டம் 15, ஆழம் 9 கொடுத்தேன். எம்8 தலை 13 அகலம், 8 உயரம் என்பதால் தலை முழுசாக உள்ளே போய்விடும்.

அடுத்து, அந்த ஒரு துளையைச் சுற்றிலும் நகலெடுக்கும் `PolarPattern`. ஐந்து துளை என்றால் இடைவெளி 72 டிகிரிதானே என்று கோணத்தில் 72, `Occurrences`-இல் 5 போட்டேன். திரையில் வாழைப்பழம் போல வளைந்த ஒரே பள்ளம்! அடியில் ஐந்து துளைகளும் தனித்தனியாகத்தான் இருந்தன, மேலே கவுண்டர்போர்கள் மட்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அங்கே கேட்பது மொத்தக் கோணம். 360 தவிர வேறு எது கொடுத்தாலும் முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் நடுவே அதைப் பங்கிடும்: 72-ஐ நாலாகப் பிரித்து 18 டிகிரி. மையங்களுக்கு இடையே வெறும் 14 மி.மீ., கவுண்டர்போரோ 15. கோணத்தை 360 ஆக்கியதும் ஐந்தாகப் பிரிந்து சரியாக உட்கார்ந்தது. திரையில் பக்கத்து மையங்களை அளந்தேன், 52.9.

இன்னொரு இடம் உரசியது. மேட்டின் அடி மூலையை வளைவாக்க 4 மி.மீ. ஃபில்லட் போட்டிருந்தேன். மேட்டின் ஆரம் 35, ஃபில்லட்டோடு 39. கவுண்டர்போரின் உள் ஓரம் 45-இல் 7.5 கழித்தால் 37.5. ஐந்து இடத்திலும் ஃபில்லட்டை நகத்தால் கிள்ளியது போலப் பிறைவெட்டு. ஃபில்லட்டை 2 ஆக்கினேன், அரை மி.மீ. மிச்சம். கவுண்டர்போரைச் சிறிதாக்கினால் போல்ட் தலையைச் சுற்றி இடமே இருக்காது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக, மேடு இல்லாமல் துளைகள் மட்டும் உள்ள 2 மி.மீ. தட்டை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி அச்சடித்துப் பழைய ஃப்ளாஞ்ச்மேல் வைத்தேன். அச்சில் துளைகள் கொஞ்சம் சுருங்கி 8.7 வந்தன, ஆனாலும் ஐந்து போல்ட்டும் கையாலேயே இறங்கிவிட்டன.