மெஷின் சரி, நடுக்கமும் சரி

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்ன வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிறேன். கிளினிக் நாளென்றால் காலை ஆறரைக்கே வாங்கில் நிறைய ஆட்கள் இருப்பார்கள், அவர்களில் பாதிப்பேர் சீனி வருத்தக்காரர். இப்போது எழுதப்போவது அவர்களில் ஒருவருக்கு நான் கொடுத்த ஒரு பிழையான பதிலைப் பற்றி. பல நாள் அது என் மனதில் கிடந்து உறுத்தியது.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். காலில் ஆறாத புண் என்று வந்தபோதுதான் சீனி இருப்பதே பிடிபட்டது. வெறுவயிற்றில் 318. வெளியில் காசு கட்டி எடுத்த எச்.பி.ஏ.1.சி. பன்னிரண்டு சதவீதம், அதாவது கடந்த இரண்டு மூன்று மாதம் அவருடைய இரத்தத்தில் சீனி சராசரியாக 300 அளவில் நின்றிருக்கிறது. விசாரித்தால், இரவில் நாலு தரம் எழும்பிச் சலம் போவது, தாகம், நிறை குறைவது எல்லாம் நாலைந்து வருடமாகவே இருந்திருக்கிறது. வைத்தியர் மெட்போர்மினும் காலையில் சாப்பாட்டோடு கிளிக்லசைட் 80 மில்லிகிராமும் எழுதினார். மனுஷன் நல்லாய்ப் பயந்துபோனார். குளிசையை ஒரு நேரம் தவறவிடவில்லை, அதோடு யாரும் சொல்லாமலே இரவுச் சோற்றை விட்டுவிட்டார், தேத்தண்ணிக்குச் சீனியை விட்டுவிட்டார், காலையில் ஒரு கோப்பை கஞ்சியோடு வயலுக்குப் போனார்.

பதினோராம் நாள் காலை பத்தரைக்கு மகன் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, சேட்டு முதுகோடு நனைந்து ஒட்டியிருக்கிறது, பசியால் வயிறு பிடுங்குகிறது என்கிறார். விரலில் குத்திப் பார்த்தேன், 96. எனக்குச் சந்தோஷம். "ஐயா, ஒண்டுமில்லை, நோர்மல். இவ்வளவு வடிவாய் இறங்கியிருக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "என்ன பிள்ளை, உயிர் போற மாதிரிக் கிடக்கு, நீங்கள் நோர்மல் எண்டுறியள்." வெயிலில் நின்ற களைப்பாக இருக்கும், பயத்தாலும் இருக்கும் என்று சொல்லி, சற்று இருத்தி, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த கிளினிக்குக்கு அவர் வரவில்லை, அதற்கடுத்த மாதம் வந்தார். வெறுவயிற்றில் 342, கால்புண் இன்னும் பெரிதாகியிருந்தது. நடந்தது இதுதான்: நடுக்கம் வந்த ஒவ்வொரு முறையும் மூன்று கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடித்திருக்கிறார், உடனே சுகமாக இருந்திருக்கிறது. ஒரு கிழமை அப்படிப் போனபிறகு, "இந்தக் குளிசை எனக்கு ஒத்துவராது, போட்டால் நடுங்குது, விட்டால் நல்லாயிருக்கு" என்று அவராகவே நிறுத்திவிட்டார். யோசித்துப் பார்த்தால் அவருடைய கணக்கில் பிழையே இல்லை. உடம்பில் கண்டதை வைத்து முடிவெடுத்தார். அந்த உடம்பில் என்ன நடக்கிறது என்று விளக்கிச் சொல்லவேண்டியது நான், நான் சொல்லவில்லை.

அன்று வைத்தியர் என்னைப் பக்கத்தில் இருத்தி விளக்கினார், அதற்குப் பிறகு நானும் தேடி வாசித்தேன். சீனி குறைகிறது என்று உடம்புக்குத் தெரிந்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது. நடுக்கம், படபடப்பு, வியர்வை எல்லாம் பெரும்பாலும் அந்த எச்சரிக்கை ஏற்பாட்டின் வேலைதான். நீரிழிவு இல்லாத ஒருவருக்கு அட்ரினலின் 70க்குச் சற்றுக் கீழே கூடத் தொடங்கும், ஆனால் நடுக்கத்தை அவர் உணர்வது பெரும்பாலும் ஐம்பதுகளில் வந்தபிறகுதான். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் 300இல் இருந்து பழகிய உடம்போ அந்த எச்சரிக்கை மட்டத்தையே மேலே நகர்த்திவிடுகிறது. அதற்கு 300தான் வழமை. திடீரென்று 96க்கு வந்தால், உண்மையாகவே சீனி தீர்ந்துபோகிறது என்று நினைத்து அதே அட்ரினலினைத்தான் விடுகிறது. ஆகவே அந்த நடுக்கம் பயத்தில் வந்த கற்பனை கிடையாது. மெஷின் காட்டியதும் சரி, அவர் உணர்ந்ததும் சரி.

1988இல் அமெரிக்காவில் செய்த ஒரு சிறிய ஆய்வு இதை எண்ணாகவே காட்டியது. கட்டுப்பாடு சரியில்லாத நீரிழிவுக்காரருக்குத் தாழ்சீனி அறிகுறிகள் சராசரியாக 78இல் தொடங்கின, நீரிழிவு இல்லாதவர்களுக்கு 53இல். இது சராசரி மட்டும்தான். சிலருக்கு நூறுக்கு மேலேயும் நடுக்கம் வருவதை எங்கள் கிளினிக்கிலேயே பார்த்திருக்கிறேன்.

சரி, அப்படியென்றால் 70க்கு மேலே இருந்தால் விட்டுவிடலாமா? இங்கேதான் நான் அன்று செய்த இரண்டாவது பிழை இருக்கிறது. ஒரே ஒரு தரம் குத்திப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டேன். கிளிக்லசைட் போன்ற குளிசை சாப்பாடு வந்ததோ வரவில்லையோ இன்சுலினைச் சுரக்கவைக்கும். காலையில் குளிசையைப் போட்டுவிட்டுக் கஞ்சியோடு வயலில் நாலு மணித்தியாலம் நின்றவருக்கு 96 என்பது நிற்கிற எண்ணா, 60ஐ நோக்கி இறங்குகிற வழியில் ஒரு எண்ணா என்று ஒரு துளி இரத்தத்தில் சொல்லமுடியாது. மெஷினுக்கும் ஒரு விலகல் உண்டு. நல்ல தரமான மெஷின் என்றாலும் நூறுக்குக் கீழே பதினைந்து வரை கூடக் குறையக் காட்டலாம். 80 என்று காட்டினால் உண்மையில் 65ஆகவும் இருக்கலாம்.

விரலையும் நம்பமுடியாது. ஒருமுறை ஒரு அம்மா நடுங்கிக்கொண்டு வந்தார், பார்த்தால் 240. பனங்கட்டி கடித்துப் பிளேன்ரீ குடித்துவிட்டு அதே கையோடு வந்திருக்கிறார். சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறு கையில் குத்தினேன், 64. கழுவாமல் விட்டிருந்தால் "கூடிப்போச்சு" என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

இப்போது யாராவது நடுக்கத்தோடு வந்தால் முதலில் கையைக் கழுவவைத்துப் பார்க்கிறேன். 70க்குக் கீழே என்றால் பேச்சே இல்லை, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்ப்பது. 70க்கு மேலே இருந்து நடுக்கம் மட்டும் என்றால் சீனித்தண்ணி கொடுப்பதில்லை. இருத்தி வைத்து, இரண்டு கிரீம் கிறாக்கரும் சீனி போடாத தேத்தண்ணியும், சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டால் சாப்பாட்டையே சாப்பிடச் சொல்கிறேன். பதினைந்து நிமிடத்தில் மறுபடி குத்துகிறேன். எண் அதே இடத்தில் நின்று நடுக்கம் மெல்ல அடங்கினால் இந்தப் பழக்க நடுக்கம்தான். இறங்கிக்கொண்டே போனால் அது வேறு கதை, அவரைப் போகவிடுவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்கிறேன், அது பேச்சு. பழக்க நடுக்கம் வந்தவர் பயத்தோடு இருந்தாலும் தெளிவாகப் பேசுவார், என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குக் குளிசை போட்டார் என்று ஒழுங்காகச் சொல்வார். ஏனென்றால் மூளைக்கு வேண்டிய சீனி அங்கே இருக்கிறது. நாக்குக் குழறுவது, பெயர் கேட்டால் முழிப்பது, காரணமில்லாமல் சண்டைக்கு வருவது இதெல்லாம் மூளைக்குச் சீனி போதாதபோது வருவது. அப்படி ஒருவர் இருந்தால் மெஷின் 90 என்று காட்டினாலும் நான் வைத்தியரைக் கூப்பிடுவேன். படபடப்போடு நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும். சீனிக்காரருக்கு மாரடைப்பு வெறும் வியர்வையாகவும் களைப்பாகவும் வந்துவிடும், அதை நடுக்கத்தின் கணக்கில் போட்டுவிடக்கூடாது.

வயலில், வீட்டில் மெஷின் இல்லாதவர்கள்தான் இங்கே அதிகம். அவர்களிடம் இந்த விளக்கத்தை வைத்துப் பொறுத்திருக்கச் சொல்வதில்லை. பார்க்க வழியில்லை, குளிசையோ இன்சுலினோ எடுக்கிறீர்கள், நடுங்குகிறது என்றால் சீனியைக் குடியுங்கள், பிறகு வந்து பாருங்கள். தேவையில்லாமல் ஒரு நாள் சீனி ஏறுவதைவிட, வரம்பில் தனியாக மயங்கி விழுவது எவ்வளவோ மோசம்.

அந்த ஐயாவுக்கு வைத்தியர் இந்தமுறை அவசரப்படவில்லை. கிளிக்லசைட்டை 40ஆகக் குறைத்தார், மெட்போர்மினை அப்படியே விட்டார். முதல் சில கிழமைகளுக்கு வெறுவயிற்றில் 150 முதல் 180 வரை நின்றால் போதும், பிறகு மெல்ல இறக்கலாம் என்றார். வருடக்கணக்கில் கூடியிருந்த சீனியை ஒரேயடியாகப் பறித்தால் கண்ணின் பின்திரையில் ஏற்கனவே இருக்கும் பாதிப்பு கொஞ்சக்காலத்துக்கு மோசமாகலாம், கால் நரம்பில் எரிவும் தொடங்கலாம் என்பதால் கண்ணைப் பார்க்கவும் அனுப்பினார். இரவுச் சோற்றை முழுக்க விடாமல் ஒரு சின்னக் கோப்பை அளவு சாப்பிடவும், வயலுக்குப் போகும்போது கஞ்சியோடு நிற்காமல் குரக்கன் ரொட்டியோ அவித்த பயறோ கொண்டுபோகவும் நான் எழுதிக்கொடுத்தேன்.

விளக்கிச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அட்ரினலின் என்று சொன்னால் தலையாட்டுவார், ஆனால் போய்ச் சேராது. கடைசியில் அவருடைய குளத்தையே எடுத்தேன். "ஐயா, வருஷக்கணக்காய்க் குளம் வான்பாயுற மட்டத்திலேயே நிக்குது எண்டு வைப்பம். பாக்கிறவனுக்கு அதுதான் வழமை. ஒரு நாள் தண்ணி பாதிக்கு இறங்கினா, பயிருக்கு அது போதுமெண்டாலும் அவன் பஞ்சம் வந்திட்டுது எண்டு ஓடித்திரிவான். உங்கட உடம்பு இப்ப அப்பிடித்தான் ஓடித்திரியுது. நாலைஞ்சு கிழமை போனா அதுக்குப் பழகியிடும்." அவர் கொஞ்சநேரம் யோசித்தார். "அப்ப பிள்ளை, நடுங்கினா குளிசையை விடக்கூடாது, சீனியும் குடிக்கக்கூடாது, வந்து பாக்கவேணும், அப்படித்தானே?" கிட்டத்தட்ட அதுதான். வரமுடியாவிட்டால், பேச்சுக் குழறினால் சீனி குடிக்கத்தான் வேணும் என்று மறுபடி இரண்டு தரம் சொன்னேன், மகனுக்கும் சொன்னேன்.

மாதம் ஒருமுறை வரவேண்டியவரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரச்சொன்னோம். இரண்டாம் கிழமை 172, ஒருநாள் மட்டும் லேசாக நடுங்கியதாம், சாப்பிட்டவுடன் நின்றுவிட்டது. நாலாம் கிழமை 149. அன்றும் காலையில் ஒரு தரம் நடுக்கம், குத்திப் பார்த்தேன் 118, பதினைந்து நிமிடத்தில் 121, அவராகவே எழும்பி, "பழகுது போல" என்று சொல்லிப் போனார். கிளினிக் கொப்பியில் முன்பு எண்ணை மட்டும் எழுதுவேன். இப்போது அதற்குப் பக்கத்தில் அந்த நேரத்தில் அவர் எப்படி இருந்தார், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்றும் எழுதுகிறேன். ஏழாம் கிழமை அவருடைய கொப்பியில் என் கையெழுத்தில் இருப்பது இது: வெறுவயிற்றில் 112. நடுக்கம் இல்லை. கால்புண் அரைவாசி மூடிவிட்டது.