864-ஐ 19-ஆல் வகுத்த கதை

தரவுத் தொடர்புப் பாடத்தின் இடைத்தேர்வில் நான் எழுதிய விடை 1001. சரியான விடை 0101. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை என்று உறுதியாக நம்பியதால், விடைத்தாளை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டில் எங்கள் லயத்துக்கு எதிரே இருக்கும் அக்காவிடம் போனேன். அதே டிப்ளோமாவை இரண்டு ஆண்டுகளுக்கு முன் முடித்தவர் அவர்.

கேள்வி இதுதான். அனுப்ப வேண்டிய தரவு 110110. வகுக்கும் பல்லுறுப்புக்கோவை x⁴ + x + 1. சி.ஆர்.சி. பிட்டுகளைக் கண்டுபிடி. வழியில் தரவு கெட்டுப்போனதா என்று பெறுநர் சரிபார்ப்பதற்காகத் தரவின் பின்னால் ஒட்டி அனுப்பும் பிட்டுகள் அவை; தரவைக் கோவையால் வகுத்தால் வரும் மீதிதான் அது.

தொடக்கத்தில் தடுமாற்றம் இல்லை. கோவையில் x³, x² இரண்டும் இல்லை; அந்த இடங்களில் பூஜ்யம் போட்டால் 10011. அதன் படி நான்கு என்பதால் தரவின் பின்னால் நான்கு பூஜ்யங்கள்: 1101100000. அதன் பிறகு தமிழ்ப்பள்ளியில் படித்த நீள்வகுத்தல்தானே என்று இறங்கிவிட்டேன். முதல் அடியில் 11011-இலிருந்து 10011 போக 01000. சாதாரணக் கழித்தலிலும், சி.ஆர்.சி.க்கு உரிய எக்ஸார் என்ற பிட் கழித்தலிலும் இந்த அடிக்கு ஒரே விடைதான் வரும். என்னை ஏமாற்றியது இதுதான். அடுத்த பூஜ்யத்தை இறக்கினால் 10000. இது 10011-ஐவிடச் சிறியது, ஆகவே போகாது என்று ஈவில் பூஜ்யம் போட்டு அடுத்த இலக்கத்தையும் இறக்கினேன். அப்படியே போய் 1001-இல் முடிந்தது.

அக்கா தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “தம்பி, நீ 864-ஐ 19-ஆல் வகுத்திருக்கிறாய். மீதி 9 சரிதான். ஆனால் உன்னிடம் யார் அதைக் கேட்டார்கள்?”

உண்மைதான். 1101100000 பத்தடிமானத்தில் 864. 10011 என்பது 19. இந்தக் கணக்கில் அவை எண்களே அல்ல, ஒரு கோவையின் கெழுக்கள். 10000 என்றால் x⁴, 10011 என்றால் x⁴ + x + 1. இரண்டின் படியும் நான்கு, ஆகவே ஒன்று மற்றொன்றில் ஒரு தடவை போகும். பெரியதா சிறியதா என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் பிட் 1 என்றால் ஈவில் 1, 0 என்றால் 0, அவ்வளவுதான் விதி. எக்ஸார் கழித்தலில் கடன் வாங்குவதும் கிடையாது: ஒரே மாதிரி இரண்டு பிட் சந்தித்தால் 0, வேறுபட்டால் 1.

அக்கா என் பேனாவை வாங்கி எழுதினார்:

```
10011 ) 1101100000
        10011
        -----
         10000
         10011
         -----
            11000
            10011
            -----
             10110
             10011
             -----
              0101
```

நடுவில் ஒரு தாவல் தெரிகிறது அல்லவா? இரண்டாம் அடியில் மிஞ்சியது 00011. முதல் பிட் 1 ஆகும்வரை இலக்கங்களை இறக்கிக்கொண்டே போக வேண்டும். அங்கே ஈவில் இரண்டு பூஜ்யங்கள் விழுகின்றன. ஈவு 110011, அது யாருக்கும் தேவையில்லை, மீதிதான் வேண்டும்.

கடைசியில் 101 என்று எழுதப் போனேன். அக்கா கையைத் தட்டிவிட்டார். எண்ணாக இருந்தால் முன்பூஜ்யத்தை விடலாம். இங்கே நான்கு பிட் இருந்தே ஆக வேண்டும். அனுப்புவது 1101100101, மொத்தம் பத்து பிட்.

என் விடை தவறு என்பதைத் தேர்வு அறையிலேயே கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. மீதியை ஒட்டிய பின், பெறுநர் செய்வதுபோல முழுவதையும் மறுபடி 10011-ஆல் வகுத்தால் மீதி 0000 வர வேண்டும். 1101100101-க்கு அப்படியே வருகிறது. என் வழியில் 864-உடன் 9 சேர்ந்தால் 873; அதை 19-ஆல் வகுத்தால் மீதி 18. சாதாரணக் கணக்கில் மீதியைக் கழித்தால்தான் எண் மிச்சமில்லாமல் வகுபடும், கூட்டினால் வகுபடாது. எக்ஸாரில் கூட்டலும் கழித்தலும் ஒன்றே என்பதால்தான் மீதியை அப்படியே பின்னால் ஒட்ட முடிகிறது. இந்த ஒரு விளக்கம் கிடைத்த பிறகு எதையும் மனப்பாடம் செய்யவில்லை.

இறுதித் தேர்வில் கோவை மாறியிருந்தது, வழி மாறவில்லை. கூடவே ஒரு துணைக்கேள்வி: மீதி பூஜ்யம் என்றால் பிழையே இல்லை என்று சொல்லலாமா? ஒரு பிட் மட்டும் புரண்டால் நிச்சயம் பிடிபடும், ஆனால் புரண்ட பிட்டுகளின் வடிவமே வகுக்கும் கோவையின் மடங்காக இருந்தால் பிடிபடாது என்று எழுதினேன். அக்கா போட்ட கணக்கையே உதாரணமாகக் காட்டினேன். 1101100101-இன் கடைசி ஐந்து இடங்களில் 10011 என்ற வடிவில் மூன்று பிட்டுகள் புரண்டு 1101110110 என்று போய்ச் சேர்ந்தால், பெறுநருக்கு மீதி 0000-தான் வரும். கெட்டுப்போன தரவை நல்லது என்று வாங்கி வைத்துக்கொள்வார்.