கேள்வி நேரத்தில் அறுபது பேர்

மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவர்களுக்கு இணையவழிப் பயிற்சி நடத்துவது என் வேலையில் ஒரு பகுதி. ரப்பர் தளிர்க்கும் தேன் சீசன் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டிய விஷயம், புழுக்கள் பை போலாகிச் சாகும் சாக் புரூட் நோய். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெட்டி பெட்டியாகக் காலியானதை இங்கே இன்னும் மறக்கவில்லை. அதனால் அந்தப் பயிற்சியில் பேச்சைவிடக் கடைசிக் கேள்வி நேரம் முக்கியம்.

முதல் முறை 380 பேர் பதிவு செய்தார்கள். இணையக் கூட்டத் தளத்தில் எங்களிடம் இருந்தது 100 பேர் திட்டம். ஏழு மணிக்குத் தொடங்கினோம். ஏழு பத்துக்கு என் போன் அடிக்க ஆரம்பித்தது. "சார், உள்ள கேறவே முடியல்ல, ஆளு நிறைஞ்சாச்சுன்னு காட்டுது." குலசேகரத்திலிருந்து ஒருவர், மகனை அருகில் உட்கார வைத்துக்கொண்டு அரை மணி நேரம் முயன்றிருக்கிறார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பயந்துபோய் அடுத்த முறை 100 பதிவு ஆனதும் நிறுத்திவிட்டோம். வந்தது 38 பேர். ஒரே நேரத்தில் அதிகபட்சம் 32. கேள்வி நேரமான ஏழு ஐம்பதுக்கு 22.

இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். பதிவு செய்தவர்கள், எப்போதாவது ஒரு முறை எட்டிப் பார்த்தவர்கள், ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள், இவை மூன்றும் வேறு வேறு எண்கள். தளத்தின் வரம்பு கடைசி எண்ணுக்கு மட்டுமே. அதிலும் நடத்துபவர், பேச்சாளர், உதவிக்கு இருப்பவர்கள் எல்லாம் அந்த நூறுக்குள் சேர்த்தி. எங்கள் ஆட்கள் நான்கு பேர் போக மிச்சம் 96.

மூன்றாவது முறைக்குக் கணக்குப் போட உட்கார்ந்தபோது, முதல் கூட்டத்தின் எண்களை ஒதுக்கி வைத்தேன். அங்கே உச்சம் 100 என்று அறிக்கை சொன்னது. ஆனால் அது வந்தவர்களின் அளவு அல்ல, கதவின் அளவு. வெளியே நின்றவர்கள் அறிக்கையில் இல்லை. நம்பத்தக்கது இரண்டாவது கூட்டம்தான்.

வருகை அறிக்கையில் ஒரு சிக்கல் உண்டு. மலையோரம் சிக்னல் போய்த் திரும்பி வந்தால் ஒரே ஆள் மூன்று வரியாக விழுவார். வரிகளை எண்ணினால் கூட்டம் பெரிதாகத் தெரியும். அதற்கு நான் கண்ட வழி, ஒரு நொடியைத் தேர்ந்தெடுத்து, அப்போது உள்ளே இருந்தவர்களை மட்டும் எண்ணுவது. அந்த நொடியில் ஒரு போன் ஒரு முறைதான் வரும். விரிதாளில் C நெடுவரிசையில் உள்ளே வந்த நேரம், D நெடுவரிசையில் வெளியேறிய நேரம், H1-இல் நாம் கேட்கும் தேதியும் நேரமும்:

```
=COUNTIFS(C:C,"<="&H1,D:D,">"&H1)
```

இந்த எண்ணிக்கையில் எங்கள் நால்வரையும் கழித்தால் 22.

பதிவு நூறுக்கு 22 பேர் கேள்வி நேரத்தில் இருப்பார்கள் என்றால், 60 பேர் வேண்டுமானால் 60-ஐ 0.22-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 273 பதிவு. உச்சம் நூறுக்கு 32 என்பதால் 273-க்கு 87 பேர், எங்களையும் சேர்த்து 91. வரம்புக்குள் அடங்குகிறது.

ஆனால் அங்கேயே நிறுத்தியிருந்தால் மறுபடி மாட்டியிருப்போம். நூறு பேரில் 38 பேர் வந்தார்கள் என்பது சின்ன மாதிரி. தற்செயலாகவே பத்து கூடலாம், பத்து குறையலாம். வந்தவர்களுக்கும் உச்சத்துக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருந்து, வருகை மட்டும் நூறுக்கு 50 ஆனால் உச்சம் 115-ஐத் தொடும், பலர் வெளியே நிற்பார்கள். 30 ஆனால் கேள்வி நேரத்தில் 47 பேர்தான். எத்தனை பதிவு வேண்டும் என்பதை மோசமான நாளை நினைத்தும், எத்தனை இடம் வேண்டும் என்பதை நல்ல நாளை நினைத்தும் முடிவு செய்ய வேண்டும். ஒரே சராசரியை இரண்டுக்கும் வைத்தால் ஒரு பக்கம் இடிக்கும்.

500 பேர் திட்டத்துக்குப் பணம் இல்லை. நிரம்பி வழிந்தால் பார்க்க யூடியூப் நேரலையை இணைத்தோம். ஒரு சேனலில் முதல் முறை நேரலையைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் இரண்டு நாள் முன்பே திறந்து வைத்தோம். கூட்டம் குறைந்தால் என்ன செய்வது என்பதற்கு, அன்று காலை ரப்பர் பால்வெட்டு முடிந்த நேரம் பார்த்து எங்கள் களப்பணியாளர்கள் பதிவு செய்தவர்களை அழைத்துப் பேசினார்கள். நினைவூட்டும் செய்தியிலேயே இரண்டு இணைப்பும் இருந்தது. "அது நிறைஞ்சா இதுல பாருங்க" என்று ஒரு வரி.

276 பேர் பதிவு செய்தார்கள். 110 பேர் வந்தார்கள். உச்சம் 92, எங்களோடு 96. அந்த எண் திரையில் ஏறும்போது எனக்குக் கை வியர்த்தது. நான்கு இடம்தான் மிச்சம். ஏழு ஐம்பதுக்கு 64 பேர் இருந்தார்கள். முதல் கேள்வி குலசேகரத்துக்காரருடையது, அடையில் தலை தூக்கிக் கிடக்கும் புழுவைப் பற்றி.