"இரட்டைப் பதிவு நடக்காது" என்று எழுதிய வரி

செயலியை முடித்த மறுநாள் போர்ட்ஃபோலியோ பக்கத்துக்கு உட்கார்ந்தேன். ஐந்து மாதம் கோடிங் செய்தாயிற்று, அதைப் பற்றி 150 சொல் எழுத அரை மணி நேரம் போதும் என்று நினைத்தேன். பன்னிரண்டு நாள் ஆனது. அதில் ஒன்பது நாள் நான் எழுதவே இல்லை. முடிந்துவிட்டது என்று மூடி வைத்த செயலியைத்தான் திரும்பத் திறந்து குடைந்துகொண்டிருந்தேன்.

செயலியின் பெயர் 'இடம்'. எங்கள் துறைக் கட்டடத்தில் மாணவர்கள் கூடிப் படிக்க நான்கு அறைகள் உண்டு. முன்பெல்லாம் கதவில் ஒட்டிய தாளில் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். அந்தத் தாளை வலைக்குக் கொண்டுவந்தோம். ஓர் அறையையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தால் அது உங்களுக்கு. மூன்று பேர் சேர்ந்து செய்தது. முன்பதிவுப் பகுதியும் தரவுத்தளமும் என் பொறுப்பு.

முதலில் எழுதிய விவரணை எல்லாரும் எழுதுவதுதான். ரியாக்ட், நோட், எக்ஸ்பிரஸ், போஸ்ட்கிரெஸ் என்று தொழில்நுட்பங்களின் அணிவகுப்பு. அதன் கீழே பதினான்கு அம்சங்கள். உள்நுழைவு, கடவுச்சொல் மீட்பு, இருள் நிறத் தோற்றம் எல்லாம் அதில் உண்டு. ஏழாவது அம்சமாக, கை போன போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "ஒரே அறைக்கு ஒரே நேரத்தில் இரட்டைப் பதிவு நடக்காது." கற்றவை என்ற தலைப்பில் 'குழுவாக வேலை செய்யவும் நேரத்தை நிர்வகிக்கவும் கற்றேன்' என்று முடித்திருந்தேன்.

இரண்டு வருடம் முன்னால் படிப்பு முடித்து வேலையில் இருக்கும் சீனியர் அக்கா ஒருவரிடம் காட்டினேன். பதினான்கில் பதிமூன்றை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஏழாவதில் நின்றார்.

"இது நடக்காதுன்னு எப்படிச் சொல்றே?"

"சேமிக்கிறதுக்கு முன்னாடி செக் பண்றேன் அக்கா."

"செக் பண்ணதுக்கும் சேமிக்கிறதுக்கும் நடுவுல வேற ஒருத்தர் வந்தா?"

வர மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நல்லவேளை.

என் நிரல் செய்தது இவ்வளவுதான்: அந்த அறையில் அந்த நேரத்தைத் தொடும் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு `SELECT`. இல்லையென்றால் ஒரு `INSERT`. இரண்டுக்கும் நடுவே சில மில்லி விநாடிதான். அன்று இரவே இரண்டு பயனர்களின் பெயரில் ஒரே கோரிக்கையை ஒரே நேரத்தில் அனுப்பும் சின்னச் சோதனை ஒன்று எழுதினேன்.

```js
const [a, b] = await Promise.all([
  book(userA, slot),
  book(userB, slot),
]);
console.log(a.status, b.status);
```

முதல் தடவை `201 409` வந்தது. ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்கு மறுப்பு. அப்பாடா என்று மடிக்கணினியை மூடப் போனேன். சும்மா ஒரு ஆசைக்கு, வேறு வேறு நேரங்களுக்கு ஐம்பது தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். பத்தொன்பது தடவை `201 201`. ஒரே அறை, ஒரே நேரம், இரண்டு பேருக்கும் "உங்கள் இடம் உறுதி". இந்த வகைப் பிழையை ஒரு தடவை சோதித்துவிட்டுச் சரி என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. அது நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது.

அப்புறம் வந்தவை தவறான வைத்தியங்கள். இரண்டு கட்டளைகளையும், எல்லாம் சேர்ந்தே நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்தேன். எண்ணிக்கை கொஞ்சம் மாறியது, பிழை போகவில்லை. காரணம் புரிய ஒரு நாள் ஆனது. எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் இயல்பாக வேலை செய்யும் நிலையில், ஒரு டிரான்சாக்‌ஷன் இன்னும் உறுதிசெய்யாத வரியை மற்றொன்று பார்க்க முடியாது. இருவரும் உள்ளே வந்து பார்க்கிறார்கள், இருவருக்கும் அறை காலியாகவே தெரிகிறது.

அடுத்து `SELECT ... FOR UPDATE`. அது வரிகளைப் பூட்டும். ஆனால் காலி நேரத்துக்குப் பதிவு வரியே இல்லையே, எதைப் பூட்டுவது? பதிவுக்குப் பதில் அறையின் வரியைப் பூட்டினால் வேலை செய்யும். செய்தும் பார்த்தேன், ஐம்பதுக்கு ஐம்பதும் சரியாக வந்தது. ஆனால் நண்பன் எழுதிய நிர்வாகிப் பக்கம், ஒரு பருவத்துக்கான பதிவுகளை மொத்தமாக ஏற்றும்போது என் நிரலின் வழியாக வருவதில்லை. அவனும் ஞாபகமாகப் பூட்ட வேண்டும். நாளை நான்காவதாக யாராவது சேர்ந்தால் அவரும் பூட்ட வேண்டும். பூட்டு வாசலில் இருக்க வேண்டுமே தவிர, வருகிற ஒவ்வொருவர் கையிலும் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

அந்த வாசல் தரவுத்தளம்தான். ஒன்றன்மேல் ஒன்று படியும் வரிகளைச் சேர்க்கவே விடாத கட்டுப்பாடு போஸ்ட்கிரெஸில் இருக்கிறது. நேர இடைவெளியை ஒரே மதிப்பாக வைக்கும் ரேஞ்ச் வகை 2012-ல் வந்த 9.2 பதிப்பிலிருந்தே உண்டு. இதில் என்னைக் கொஞ்சம் வெட்கப்பட வைத்த விஷயம் ஒன்று. அதன் அதிகாரபூர்வ ஆவணத்தில் இந்தக் கட்டுப்பாட்டை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணமே அறை முன்பதிவு. ஐந்து மாதத்தில் ஒரு நாள் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கலாம்.

```sql
CREATE EXTENSION btree_gist;

ALTER TABLE bookings ADD CONSTRAINT no_overlap
EXCLUDE USING gist (
  room_id WITH =,
  tstzrange(starts_at, ends_at) WITH &&
) WHERE (cancelled_at IS NULL);
```

அறை ஒன்றாகவும் நேரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் இருந்தால் இரண்டாவது வரியை உள்ளே விடாதே என்பதுதான் இதன் பொருள். ரேஞ்ச் இயல்பாகவே தொடக்கத்தைச் சேர்த்துக்கொள்ளும், முடிவை விட்டுவிடும். அதனால் 10 முதல் 11 வரை ஒருவர், 11 முதல் 12 வரை இன்னொருவர் என்றால் மோதல் இல்லை. கடைசி `WHERE` வரியை நான் முதலில் எழுதவில்லை. எங்கள் செயலியில் ரத்து செய்த பதிவை அழிப்பதில்லை, ரத்தான நேரத்தை மட்டும் குறித்து வைக்கிறோம். அந்த வரி இல்லாமல் போட்டிருந்தால், ஒருவர் கைவிட்ட நேரத்தை அதன் பிறகு யாருமே எடுக்க முடியாமல் போயிருக்கும்.

இதை நிஜத் தரவுத்தளத்தில் ஓட்டியபோது போஸ்ட்கிரெஸ் மறுத்தது. கட்டுப்பாட்டை உருவாக்க முடியாது, இந்த வரி அந்த வரியோடு மோதுகிறது என்று சுட்டிக் காட்டியது. அதாவது இரட்டைப் பதிவு ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தது. தேடினால் இரண்டு ஜோடி. ஒன்று நானே சோதனைக்குப் போட்டது. மற்றது உண்மையான இரண்டு குழுக்கள். சோதனை ஓட்டத்தின்போது ஒரு பெண் என்னிடம் வந்து, "நாங்க போனப்ப அறையில வேற ஆளுங்க இருந்தாங்க" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. தேதியைத் தவறாகப் பார்த்திருப்பீர்கள் என்று நான் அவருக்கு விளக்கம் வேறு சொன்னேன். தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்தச் சம்பவத்தையே மறந்திருந்தார்.

ஜோடிகளைச் சரிசெய்து கட்டுப்பாட்டைப் போட்ட பிறகு மறுபடி சோதனை. இப்போது `201 500`. இரட்டைப் பதிவு நின்றது, ஆனால் தோற்றவருக்கு "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்ற வெற்றுப் பக்கம். தரவுத்தளம் `23P01` என்ற குறியீட்டோடு பிழையை அனுப்புகிறது. அதைப் பிடித்து 409 ஆக மாற்ற வேண்டியது என் வேலை. மாற்றி, திரையில் "இந்த நேரத்தை இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார்" என்று காட்டி, காலி நேரங்களைப் புதுப்பித்துக் காட்டினேன். இருநூறு தடவை ஓடவிட்டேன். இருநூறிலும் ஒரு 201, ஒரு 409. பழைய `SELECT` சரிபார்ப்பை நீக்கவில்லை. அது பயனருக்கு முன்கூட்டியே சொல்லும் மரியாதைக்கு மட்டும். காவல் வேலை இப்போது வேறிடத்தில்.

இதன் பிறகு விவரணை எழுதுவது சுலபமாகிவிட்டது. பதினான்கு அம்சங்களில் பதினொன்றை வெட்டினேன். உள்நுழைவு இருக்கிறது என்று சொல்வது, வீட்டுக்குக் கதவு இருக்கிறது என்று சொல்வதைப் போல. தொழில்நுட்பப் பெயர்கள் ஒரே வரியாகக் கடைசிக்குப் போயின. மூன்று பேர் செய்ததில் என் பங்கு எது என்று முதல் பத்தியிலேயே சொன்னேன். முதல் வரைவில் எல்லாவற்றையும் நானே செய்ததுபோல் ஒரு தொனி இருந்ததை நண்பர்கள்தான் சிரித்துக்கொண்டே காட்டினார்கள். கணக்குத் திறக்கச் சொன்னால் யாரும் திறக்க மாட்டார்கள் என்பதால், ஒரே சொடுக்கில் நுழையும் விருந்தினர் கணக்கு வைத்தேன். அதன் தரவு தினமும் இரவில் பழைய நிலைக்குத் திரும்பும். செயலி இலவச ஹோஸ்டிங்கில் இருப்பதால் ஆள் வராவிட்டால் தூங்கிவிடுகிறது. முதல் தடவை திறக்கத் தாமதமாகும் என்று இணைப்புக்குப் பக்கத்திலேயே எழுதினேன்.

இப்போது பக்கத்தில் இருப்பது இது:

> இடம்: குழு அறை முன்பதிவுச் செயலி
>
> துறைக் கட்டடத்தின் நான்கு குழு அறைகளை மாணவர்கள் முன்பதிவு செய்ய மூவர் சேர்ந்து உருவாக்கியது. முன்பதிவுப் பகுதியும் தரவுத்தளமும் என் வேலை.
>
> வாரத்தின் காலி நேரங்களை ஒரே திரையில் பார்க்கலாம். பதிவை ரத்து செய்தால் அந்த நேரம் உடனே மற்றவர்களுக்குத் திறக்கும். ஒரே நேரத்துக்கு இருவர் ஒருசேர முயன்றால் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும்.
>
> கற்றது: முதலில் இந்தச் சரிபார்ப்பைச் செயலியின் நிரலில் வைத்திருந்தேன். ஒருசேர வந்த ஐம்பது ஜோடிக் கோரிக்கைகளில் பத்தொன்பது இரட்டைப் பதிவாகின. தரவுத்தளக் கட்டுப்பாடாக மாற்றிய பின் இருநூறில் ஒன்றும் இல்லை. சோதனை நிரல் களஞ்சியத்தில் உள்ளது.
>
> தெரிந்த குறை: பதிவு செய்துவிட்டு வராதவர்களின் அறை காலியாகவே கிடக்கும்.
>
> ரியாக்ட், எக்ஸ்பிரஸ், போஸ்ட்கிரெஸ்.

குறையை எழுத வேண்டுமா என்று தயங்கினேன். அக்காதான், "நீ எழுதலைன்னா அவங்க கேப்பாங்க, எழுதினா நீ பேசுவே" என்றார். எழுதினேன்.

பக்கத்தை வெளியிட்டு ஒரு வாரம் கழித்துச் சர்வர் பதிவேட்டைப் பார்த்தேன். விருந்தினர் கணக்கிலிருந்து, ஒரே விநாடியில், ஒரே அறைக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்றுக்கு 201, மற்றதற்கு 409. யாரோ இரண்டு சாளரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த வரி உண்மையா என்று பார்த்திருக்கிறார்.