'பாப்பம்' எண்டு சொல்லாத நாட்கள்

செப்டம்பர் 29, 2025, திங்கள்

எங்கட புடவைக் கடையில சாறிப் பகுதியில வேலை செய்யிற மூத்த பிள்ளை என்னட்ட லீவுக் கடிதம் தந்திட்டா. ஒக்டோபர் 15 புதன் தொடக்கம் 18 சனி வரைக்கும். 20ஆம் திகதி தீபாவளி.

"பாப்பம் பிள்ளை" எண்டு வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிட்டன். இந்த ஊரில பாப்பம் எண்டால் கேட்ட ஆளுக்கு அது முக்கால் சம்மதம். அண்டைக்கே பஸ்ஸுக்குச் சீட் போட்டிடுவினம். பத்து நாள் கழிச்சு ஏலாது எண்டால் அதை ஒருத்தரும் மறுப்பெண்டு எடுக்கமாட்டினம், வாக்கு மாறிட்டார் எண்டுதான் எடுப்பினம். "வெள்ளிக்கிழமை பின்னேரம் முடிவு சொல்லுறன். அதுவரைக்கும் ரிக்கற் எடுக்காதேயும்" எண்டு மட்டும் சொன்னன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஏலாது எண்டு சொல்ல முதல், உண்மையிலேயே ஏலாதோ எண்டு பாக்கவேணும். ஒற்றை றூள் தாளில நாலு நாளையும் கோடு போட்டுப் பிரிச்சன். சாறிப் பகுதியில மொத்தம் நாலு பேர். தீபாவளிக் கிழமையில மூண்டு பேருக்குக் குறைஞ்சால் விரிச்சுக் காட்டின சாறியை மடிக்க ஆளில்லாமல் மேசை நிறைஞ்சிடும், அடுத்த சனம் நிண்டு பாத்திட்டு வெளிக்கிட்டிடும்.

புதன்: இவ இல்லாட்டி மூண்டு. சமாளிக்கலாம். வியாழன்: மூண்டு. சமாளிக்கலாம். வெள்ளி: தம்பி ஒருத்தருக்கு அந்தியேட்டி, அது ஏற்கெனவே குடுத்தாச்சு. இவவும் போனால் ரெண்டு. ஏலாது. சனி: நாலு பேரும் வேணும், நாலும் காணாது.

ஆக, நாலு நாளும் ஏலாது எண்டு சொல்லுறதே பொய். ஏலாதது ரெண்டு நாள்.

மற்றப் பிள்ளையளைக் கூட நேரம் மறிச்சு ஈடு கட்டலாமோ எண்டும் பாத்தன். கடை, அலுவலகச் சட்டத்தில மேலதிக நேரம் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல போகேலாது. தீபாவளிக் கிழமையில அது எப்படியும் முடிஞ்சிடும்.

ஒக்டோபர் 1, புதன்

மழை இருட்டு. வியாபாரம் இல்லை.

ஒரு குறிப்பு எழுதிப் பாத்தன்: "தீபாவளிக்குப் பிறகு நவம்பர் 3, 4, 6, 7 எடுக்கலாம், நடுவில 5ஆம் திகதி போயா, ஒரு நாள் சும்மா கிடைக்கும்." எனக்கே என்ர கெட்டித்தனம் பிடிச்சுப் போச்சு. நல்ல காலம், குடுக்கேல்லை.

ஒக்டோபர் 2, வியாழன்

இண்டைக்குத்தான் கேட்டன். ஏன் லீவு எண்டு கேக்கேல்லை, அது விசாரணை மாதிரி இருக்கும். "இந்த நாலு நாளில எந்த நாள் அசையாது?" எண்டுதான் கேட்டன்.

மிச்சத்தை அவவே சொன்னா. கனடாவில இருந்து அக்கா வாறா. வியாழன் விடியக் கட்டுநாயக்கவில இறங்குறா. புதன் இரவு பஸ்ஸில போய்க் கூட்டிக்கொண்டு வரவேணும். வெள்ளியும் சனியும் திருகோணமலைக்குப் போய்க் கோணேசரைக் கும்பிட்டு வாறதுக்கு. அக்கா திரும்பிப் போறது நவம்பர் 2.

என்ர நவம்பர் 3! அக்கா போன பிறகு ஆரோட திருகோணமலைக்குப் போறது? அந்தத் திகதியைக் குடுத்திருந்தால் அது நக்கல் பண்ணினதுக்குச் சரி. வேற திகதி குடுக்கிறம் எண்டு சொல்லுறதில முக்கால்வாசி இப்படித்தான் பிழைக்குது. எங்களுக்கு வசதியான நாளைத் தேடுறம், அவையளின்ர அலுவல் எப்ப காலாவதியாகுது எண்டு கேக்கிறேல்லை.

இன்னொண்டும் கேட்டன், சட்டி பிடிக்கிறவவோ எண்டு. ஓமாம். கந்தசட்டி 22 தொடங்கி 27 சூரன்போர். அப்ப 21ஆம் திகதிக்கிழமையும் சரிவராது. மிஞ்சினது 28 செவ்வாய் தொடக்கம் 31 வெள்ளி. தீபாவளிச் சனம் ஓய்ஞ்சிருக்கும், அக்காவும் நிப்பா.

ஒக்டோபர் 3, வெள்ளி

சொல்லியாச்சு. காசு மேசைக்குப் பக்கத்தில இல்லை, பின்னால ஸ்டோரில. மற்றவைக்கு முன்னால மறுத்தால் அவ எனக்குப் பதில் சொல்லமாட்டா, பாத்துக்கொண்டு நிக்கிறவைக்குத்தான் சொல்லுவா.

முதல் வசனத்திலயே முடிவைச் சொல்லவேணும் எண்டு நினைச்சுக்கொண்டு போனன். சுத்தி வளைச்சால் அந்தப் பிள்ளை முகத்தைப் பாத்துக்கொண்டு எப்ப விழும் எண்டு நிப்பா.

"வெள்ளியும் சனியும் தரேலாது பிள்ளை. புதன் அரை நாளும் வியாழன் முழு நாளும் எடும், அக்காவைக் கூட்டிக்கொண்டு வாரும். திருகோணமலைக்கு 28இல இருந்து 31க்குள்ள எந்த ரெண்டு நாள் எண்டாலும் உமக்குத்தான். வெள்ளி ஏன் ஏலாது எண்டால், அண்டைக்கு ஏற்கெனவே ஒரு ஆள் குறைவு."

ஆர் குறைவு, ஏன் குறைவு எண்டு சொல்லேல்லை. ஆனால் அவவுக்குத் தெரியும். "அவனுக்குக் குடுத்தனீங்கள் தானே அண்ணை?"

இதுக்கு அந்தியேட்டியையும் கோணேசரையும் தராசில வைக்கத் தொடங்கினால் முடிஞ்சுது. செத்த வீட்டு அலுவலுக்கு மேல ஒண்டும் இல்லை எண்டு சொன்னால் அக்கா வாறது அற்பம் எண்டாகும். "அதை அவரோட கதைச்சது பிள்ளை. உம்மட அலுவலை உம்மோட கதைக்கிறன்" எண்டதோட நிப்பாட்டினன். கொஞ்ச நேரம் ஒண்டும் பறையேல்லை. பிறகு, "29, 30 எண்டு போடுங்கோ."

ஒக்டோபர் 4, சனி

வாயால சொன்னதை எழுத்திலயும் குடுக்கவேணும், அடுத்த நாளே. வட்ஸ்அப்பில அனுப்பினது:

"ஒக்டோபர் 15 பின்னேர அரை நாள், 16 முழு நாள், 29, 30 முழு நாள்: லீவு உறுதி. 17, 18 வேலை. 29, 30 திகதிகளை வேற ஆருக்கும் குடுக்கமாட்டன். மாத்திறதெண்டால் 20க்கு முன்னம் சொல்லும்."

'தயவுசெய்து புரிந்துகொள்ளவும்' எண்டு முதல் போட்டிருந்தன், அழிச்சிட்டன். 'மன்னிக்கவும்' இருந்தது, அதையும்.

ஒக்டோபர் 6, திங்கள்

போயா. கடை பூட்டு.

ஒக்டோபர் 7, செவ்வாய்

வருட லீவுக் கொப்பியை எடுத்துப் பாத்தன். இவவுக்கு 14 நாளில இன்னும் 9 மிச்சம். மூண்டரை போனால் ஐந்தரை. ஒக்டோபரில மறிச்சதைக் கணக்கில வைச்சிருக்காமல் விட்டால் டிசெம்பரில கிறிஸ்மஸ் வியாபாரம் எண்டு திருப்பியும் மறிப்பம், வருசம் முடிஞ்சிடும். மறுத்தவன்தான் அந்த மிச்ச நாளுக்கும் இடம் தேடவேணும். நவம்பர் நடுப்பகுதியில பென்சிலால வட்டம் போட்டு வைச்சிருக்கிறன்.

ஒக்டோபர் 8, புதன்

முதலாளி கேட்டார், "என்னில பழியைப் போட்டிருக்கலாமே?" எண்டு. நல்ல மனுசன். போட்டிருந்தால் அவ நேர அவரிட்டப் போயிருப்பா, இவர் "போட்டு வா மோனை" எண்டிருப்பார். பிறகு ஆரும் என்னட்டக் கேக்கவேண்டியதில்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி

இண்டைக்கும் ஒருத்தருக்குப் 'பாப்பம்' எண்டிட்டன். தேத்தண்ணிக் காசு விசயம்தான். எண்டாலும்.

ஒக்டோபர் 13, திங்கள்

சின்னப் பிள்ளை வந்து நிக்கிறா. 30ஆம் திகதி ஒரு நாள் வேணுமாம். 30 குடுத்தாச்சு, எழுத்திலயும் இருக்கு. ஒரு நாள்தானே, மூத்தவவை 28க்குத் தள்ளிவிடலாமோ எண்டு ஒரு எண்ணம் ஓடினது. தள்ளினால் இனி நான் குடுக்கிற திகதி ஒண்டையும் ஒருத்தரும் நம்பமாட்டினம்.

அவவிட்டயும் கேட்டன், அது அசையாத நாளோ எண்டு. பல்லுக் கிளினிக்காம். நாளைக்குக் கிளினிக் அட்டையைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறன், வேற நாள் எழுதுவினமோ

ஒக்டோபர் 15, புதன்

மூத்தவ ஒண்டரைக்கு வெளிக்கிட்டிட்டா. காஞ்சிபுரம் மூண்டு கட்டு இன்னும் விலை ஒட்டேல்லை.